12 இன்ச் மெத்தைக்கு 108 விரிப்பு பத்துமா?

கேள்வி: "எங்கள் கட்டில் 6 அடிக்கு 6½ அடி. பழைய 6 இன்ச் காயர் மெத்தையை எடுத்துவிட்டு 10 இன்ச் ஸ்பிரிங் மெத்தை வாங்கினோம். முதுகு வலிக்காக அதன் மேல் 2 இன்ச் டாப்பரும் போட்டிருக்கிறோம். இத்தனை நாள் சரியாக இருந்த டபுள் பெட்ஷீட்டுகள் இப்போது விடிவதற்குள் உருவிக்கொண்டு வந்துவிடுகின்றன. 'கிங் சைஸ்' என்று கேட்டு வாங்கினால் போதுமா? குயில்ட் கவரையும் அதே கணக்கில் பெரிதாக வாங்க வேண்டுமா?"

போதாது. 'கிங்' என்ற சொல்லை நம்பி இரண்டில் எதையும் வாங்காதீர்கள். விரிப்பின் அளவை மெத்தையின் உயரம்தான் முடிவு செய்கிறது. குயில்ட் கவருக்கு மெத்தையோடு நேரடிச் சம்பந்தமே இல்லை, அது உள்ளே போகும் குயில்ட்டுக்குப் பொருந்த வேண்டும். இரண்டும் ஒரே பாக்கெட்டில், ஒரே பெயரில் விற்கப்படுவதால்தான் ஒரே கணக்கு என்று தோன்றுகிறது. நான் கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளில் பத்தொன்பது வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவன். கையில் டேப் இல்லாமல் நின்ற நாள் குறைவு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பழைய விரிப்பு ஏன் உருவுகிறது என்று பார்க்கலாம். கடையில் டபுள் என்று விற்பது பெரும்பாலும் 90க்கு 100 இன்ச். உங்கள் மெத்தை 72க்கு 78. அகலத்தில் 90லிருந்து 72 போனால் மிச்சம் 18, ஒரு பக்கத்துக்கு 9 இன்ச். பழைய மெத்தையில் அந்த 9 இன்ச்சில் 6 மெத்தையின் பக்கவாட்டில் இறங்கியது, மீதி 3 அடியில் செருகப்பட்டது. நீளத்தில் பக்கத்துக்கு 11 இன்ச் மிச்சம் இருந்ததால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் 5 இன்ச் செருக முடிந்தது. அகலத்தில் 3 இன்ச் செருகல் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் நீளத்துப் பிடியில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பக்கவாட்டு உயரமே 12. உங்கள் 9 இன்ச் துணி கட்டில் பலகையைத் தொடவே 3 இன்ச் குறைகிறது. செருகுவதற்கு ஒன்றுமில்லாமல் மெத்தையின் மேல் சும்மா கிடக்கிற துணி, ஒருவர் புரண்டு படுத்தாலே கூடவே வந்துவிடும்.

ஆக, கணக்கு இதுதான். மெத்தையின் அகலத்தோடு உயரத்தை இரண்டு முறை கூட்டுங்கள், செருகலையும் இரண்டு முறை கூட்டுங்கள். நீளத்துக்கும் அப்படியே. செருகலுக்கு நான் 6 இன்ச் வைப்பேன். இந்த 6 எந்தச் சட்டத்திலும் இல்லை, பழக்கத்தில் வந்தது. ஸ்பிரிங் மெத்தை போல எடையுள்ளதாக இருந்தால் 4 இன்ச் கூட நன்றாகப் பிடித்துக்கொள்ளும். லேசான ஃபோம் மெத்தை துணியை அழுத்திப் பிடிக்காது, அதற்கு 6 வேண்டும், 8 இருந்தால் நல்லது. கட்டிலுக்குச் சுற்றிலும் சட்டம் இருந்து மெத்தை அதற்குள் 2, 3 இன்ச் இறங்கி உட்கார்ந்தால் சட்டத்தின் உரசலே துணியைப் பிடித்துக்கொள்ளும், அங்கேயும் 4 போதும். உங்களுக்கு 6 என்றே வைத்துப் போட்டால் அகலம் 72, அதோடு 24, அதோடு 12, மொத்தம் 108. நீளம் 78, 24, 12, மொத்தம் 114.

இந்த 12 என்பது கடைக்காரர் சொன்ன 10ஐயும் டாப்பர்காரர் சொன்ன 2ஐயும் கூட்டியது. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மெத்தைமேல் ஒரு குஷன் அடுக்கு வைத்துத் தைத்திருந்தால் ஓரத்தில் ஒரு உயரமும் நடுவில் இன்னொரு உயரமும் இருக்கும். ஃபோம் டாப்பர் பிரித்த முதல் நாள் ஒரு உயரம், நான்கு நாள் காற்று வாங்கிய பிறகு வேறு உயரம். நீங்களே அளந்துவிடுங்கள். விரிப்பை எல்லாம் எடுத்துவிட்டு, டாப்பரையும் மெத்தை உறையையும் மட்டும் விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் பெரிய அட்டைப் புத்தகம் ஒன்றை மெத்தையின் ஓரத்தில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்கையாக வையுங்கள். நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியின் அடிப்பக்கத்திலிருந்து கட்டில் பலகை வரை டேப்பை நேராக இறக்குங்கள். புத்தகத்தைக் கையால் அழுத்தக் கூடாது. ஒரு மூலையில், நீளப் பக்கத்தின் நடுவில், கால்மாட்டின் நடுவில் என்று மூன்று இடத்தில் எடுத்து, அதில் பெரியதை வைத்துக்கொள்ளுங்கள். தையல் டேப்பால் மெத்தையின் வளைவோடு சேர்த்து அளந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கத்துப் பலகை மட்டத்தில் தொடங்கி, மேலே ஏறி, குறுக்கே போய், மறுபக்கம் இறங்கிப் பலகை வரை. இந்த ஒரே எண்ணில் அகலமும் இரண்டு உயரமும் நடு மேடும் எல்லாம் அடங்கிவிடும். செருகலை மட்டும் கூட்டினால் போதும்.

நீங்கள் அளந்ததும் 12 என்றே வந்தது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். கடையில் கிங் என்று தருவது சில இடத்தில் 90க்கு 108, சில இடத்தில் 100க்கு 108, சில இடத்தில் 108க்கு 108. முதல் இரண்டும் உங்களுக்கு ஆகாது. 90க்கு 108ஐத் திருப்பிப் போட்டு 108ஐ அகலத்துக்குக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அப்படிப் போட்டால் நீளத்தில் 90 தான் இருக்கும், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஆளுக்கு 6 இன்ச் தொங்கி, மெத்தையின் பாதி உயரத்தில் நின்றுவிடும். 108க்கு 108 அகலத்தில் சரியாக 6 இன்ச் செருகலோடு உட்காரும். நீளத்தில் மிச்சம் 30, பக்கத்துக்கு 15, அதில் 12 உயரத்துக்குப் போக 3 இன்ச் மட்டும் செருகலாம். வாங்கிய அன்று இது பிடித்துக்கொள்ளும். துவைத்த பிறகுதான் தெரியும் சேதி.

துணிச் சுருக்கம் என்பது கெட்ட துணியின் குணம் என்று பலர் நினைக்கிறார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இழுத்துப் பிடித்துத்தான் நெய்ய முடியும். சாயம், கஞ்சி என்று ஒவ்வொரு கட்டத்திலும் துணி நீளவாக்கில் இழுபட்டுக்கொண்டே வருகிறது. முதல் முறை நன்றாகத் தண்ணீரில் ஊறும்போது அந்த இழுவை தளர்ந்து, நூல் தன் இயல்பான இடத்துக்குத் திரும்புகிறது. அதனால்தான் சாதாரண காட்டன் விரிப்பு பெரும்பாலும் பாவு வாக்கில் அதிகமாகவும், குறுக்கே ஓடும் ஊடை வாக்கில் குறைவாகவும் சுருங்கும். தொழிற்சாலையிலேயே முன்கூட்டிச் சுருங்கவைத்து, சுருக்கம் எடுத்த துணி என்றால் 1, 2 சதவீதத்தோடு நின்றுவிடும். எடுக்காத காட்டனில் 4, 5 சதவீதம் சர்வசாதாரணம். சென்னிமலை மாதிரி கைத்தறி விரிப்புகளில் நூல் தடிப்பாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே போகலாம். பாலியெஸ்டர் கலந்தது அவ்வளவாகச் சுருங்காது. உங்கள் கையில் இருக்கும் துணி இதில் எந்த வகை என்று பார்த்தோ தொட்டோ என்னாலும் சொல்ல முடியாது, துவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

4 சதவீதம் என்று எடுத்தால் 108 இன்ச் நீளம் கிட்டத்தட்ட 103½ ஆகிவிடும். மிச்சம் 25½, பக்கத்துக்கு 13க்குக் கொஞ்சம் குறைவு. உயரத்துக்கு 12 போனால் செருக ஒரு இன்ச்கூட இல்லை. "வாங்கின புதிதில் நன்றாக இருந்தது, மூன்று மாதத்தில் கெட்டுவிட்டது" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு இன்ச் விவகாரம்தான்.

ஒரு விரிப்பு முதல் நாளிலிருந்தே உருவினால் அளவு குறைவு. முதல் இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகு உருவத் தொடங்கினால் சுருக்கம். வருடக்கணக்கில் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு மூலை மட்டும் கழன்றால், அது எலாஸ்டிக் வைத்த விரிப்பாக இருந்தால், எலாஸ்டிக் செத்துவிட்டது என்று அர்த்தம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் பெரிய சைஸ் வாங்கிக்கொண்டே போவதில் பிரயோஜனம் இல்லை.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை. விரிப்பின் ஒரு மூலைப் பக்கம், ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, அழியாத பேனாவால் நீளவாக்கில் 50 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு புள்ளி, அகலவாக்கில் 50 தள்ளி இரண்டு புள்ளி வையுங்கள். நீங்கள் வழக்கமாகத் துவைக்கிற மாதிரியே மூன்று முறை துவைத்துக் காயப்போட்டு, இஸ்திரி போடாமல் தரையில் சுருக்கம் நீவி அளங்கள். 48 ஆகியிருந்தால் 4 சதவீதம். தொழிற்சாலையில் நாங்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதேதான், அங்கே மெஷினும் வெப்பமும் ஒரே மாதிரி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாக்கெட் மேல் எழுதியிருக்கிற எண்ணையும் ஒரு முறை டேப்பால் பார்த்துவிடுவது நல்லது. நல்ல இடங்களில் அந்த எண் தைத்து முடித்த அளவாக இருக்கும், ஒரு இன்ச் கூடக் குறைய இருந்தால் நாங்களே ஏற்றுக்கொள்வோம். ஆனால் வெட்டிய அளவையே போட்டு விற்பவர்களும் உண்டு. 108 என்று வெட்டி, தலைப்பக்கம் அகல மடிப்பு ஒன்று, கால்பக்கம் சின்ன மடிப்பு ஒன்று தைத்தால் கைக்கு வரும்போது 105 கூட வராது. அதோடு 4 சதவீதமும் போனால் என்ன மிச்சம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே, சாதா விரிப்புதான் வேண்டும் என்றால் உங்களுக்கு 108க்கு 120 தேவை. சில கடைகளில் கேட்டால் கிடைக்கும். 120 சுருங்கி 115 ஆனாலும் 114க்குக் குறையாது. அகலத்தில் 108 கொஞ்சம் சுருங்கி 105, 106 ஆகும், செருகல் 6லிருந்து 4½, 5 ஆகும், ஸ்பிரிங் மெத்தைக்கு அது தாங்கும். கிடைக்கவில்லை, 108க்கு 108தான் இருக்கிறது என்றால் அதையும் ஓட்டலாம். நீளத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பங்கு போடாதீர்கள். துவைத்துச் சுருங்கிய 103½ இன்ச்சில் தலைமாட்டுக்கு 18 கொடுங்கள், 12 உயரம், 6 செருகல். கால்மாட்டில் மிச்சமுள்ள 7½ இன்ச் செருகாமல் தொங்கட்டும். விரிப்பை இழுப்பது முக்கியமாகத் தோளும் இடுப்பும்தான். தலைப்பக்கமும் இரண்டு நீளப் பக்கமும் பிடித்திருந்தால் கால்மாடு தொங்குவதால் பெரிய நஷ்டம் இல்லை. பார்க்கக் கொஞ்சம் அரைகுறையாக இருக்கும், அது வேறு விஷயம்.

என்னைக் கேட்டால் 12 இன்ச் உயரத்துக்கு எலாஸ்டிக் வைத்த ஃபிட்டட் ஷீட்தான் சரி. அதிலே ஒரு சொல் உங்களைக் குழப்பும். ஃபிட்டட் ஷீட்டின் பக்கத் துணியின் ஆழத்தை நாங்கள் பாக்கெட் என்போம். மெத்தை உயரமும் பாக்கெட் ஆழமும் ஒன்றாக இருக்கக் கூடாது. 12 இன்ச் மெத்தைக்கு 12 இன்ச் பாக்கெட் போட்டால் எலாஸ்டிக் மெத்தையின் கீழ் விளிம்பிலேயே நிற்கும், உள்பக்கம் திரும்பிப் பிடிக்க இடம் இருக்காது. குறைந்தது 2 இன்ச், நன்றாக வேண்டும் என்றால் 3 இன்ச், துணி அடியில் திரும்ப வேண்டும். அதாவது துவைத்த பிறகு உங்களுக்கு 14, 15 இன்ச் பாக்கெட் தேவை. ஆனால் லேபிளில் '10 இன்ச் வரை' என்று போட்டிருந்தால் அது மெத்தையின் உயரமா, பாக்கெட்டின் ஆழமா என்பது விற்பவரைப் பொறுத்தது. இந்த விஷயத்தில் நானே சூடுபட்டிருக்கிறேன். வெளிநாட்டு ஆர்டர் ஒன்றில் ஆழம் 30 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் பாக்கெட்டை 30 வைத்துத் தைத்தோம். எங்கள் பரிசோதனை அறையில் இருந்த மெத்தை 25 சென்டிமீட்டர் உயரம், அதில் போட்டுப் பார்த்தோம், அழகாக உட்கார்ந்தது. சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் சொன்ன 30 மெத்தையின் உயரமாம். கண்டெய்னர் முழுக்க மூலை கழலும் விரிப்புகள். அதற்குப் பிறகு எந்த ஆர்டர் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். நீங்களும் கடையில் அதையே கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் பிரித்து, மூலைத் தையலின் நீளத்தை மேலிருந்து எலாஸ்டிக் வரை அளந்துவிடுங்கள். அந்தத் தையல் நீளம்தான் பாக்கெட்.

பாக்கெட் அதிகமாகிவிட்டாலும் தொந்தரவுதான். 8 இன்ச் மெத்தைக்கு 15 இன்ச் பாக்கெட் போட்டால் அடியில் தளர்ந்து தொங்கும் துணி மேலே ஏறி முதுகுக்கடியில் மடிப்பு மடிப்பாக நிற்கும். பாக்கெட் குறைவாக இருந்து இழுத்துப் பிடித்து மாட்டினால் வேறு ஒரு அடையாளம் தெரியும். ஃபோம் மெத்தையாக இருந்தால் நான்கு மூலையும் மேல்நோக்கி லேசாக வளையும். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெத்தையின் மூலைக்கடியில் விரலை விட்டுப் பாருங்கள், நுழைந்தால் விரிப்பு மூலையைத் தூக்குகிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் நான்கு துவைப்பில் மூலைத் தையல் பிரியும்.

15 இன்ச் பாக்கெட் ரெடிமேடில் கிடைப்பது கஷ்டம். தையற்காரரிடம் கொடுத்துத் தைப்பதுதான் சுலபம், அதற்கான அளவைச் சொல்லிவிடுகிறேன். 108 இன்ச் அகலத் துணி 3 மீட்டர் வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, துவைத்துக் காயப்போடுங்கள். இதைத் தவிர்த்தால் மற்றது எல்லாம் வீண். 3 மீட்டர் என்பது 118 இன்ச், 4 சதவீதம் போனால் 113 வரும். அகலம் 105 பக்கம் வரும். தேவையானது 104க்கு 110. எப்படி என்றால், மேல் பகுதிக்கு 72, இரண்டு பக்கப் பாக்கெட்டுக்கு 30, எலாஸ்டிக் நுழைக்கும் மடிப்புக்குப் பக்கத்துக்கு 1 இன்ச் வீதம் 2. நீளத்திலும் 78, 30, 2. நான்கு மூலையிலும் 15½ இன்ச் சதுரம் வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இரண்டு ஓரத்தையும் சேர்த்து அரை இன்ச் உள்ளே தைத்தால் மூலை ரெடி. அரை இன்ச் தையலுக்குப் போவதால்தான் 16க்குப் பதில் 15½. எலாஸ்டிக்கை நான்கு மூலையில் மட்டும் வைக்கச் சொல்லாதீர்கள், இந்த உயரத்துக்குச் சுற்றிலும் முழுக்க ஓட வேண்டும். மூலையில் மட்டும் எலாஸ்டிக் வைத்தால் நீளப் பக்கத்தின் நடுவில் துணி மேலே ஏறிவிடும்.

கரூர், ஈரோடு பக்கம் போகிறவராக இருந்தால் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு கண்ணில் படும். அதிலேதான் 'கிங்' என்ற சொல் ரொம்பவே ஏமாற்றும். பிரிட்டனில் கிங் கட்டில் என்றால் 150க்கு 200 சென்டிமீட்டர், அதாவது 5 அடி அகலம். நம் ஊர் கணக்கில் அது குயீன். அமெரிக்காவின் கிங் 76க்கு 80 இன்ச், உங்கள் மெத்தையைவிட அகலத்தில் 4 இன்ச் பெரிது, தொளதொளவென்று கிடக்கும். உங்களுக்கு ஒத்துவருவது பிரிட்டனின் சூப்பர் கிங், 180க்கு 200 சென்டிமீட்டர். உங்கள் மெத்தை சென்டிமீட்டரில் 183க்கு 198. அகலத்தில் 3 சென்டிமீட்டர் குறைகிறதே என்றால், அது பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் பாக்கெட்டிலிருந்து ஈடாகிவிடும். பாக்கெட் மட்டும் 36, 38 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று மூலைத் தையலை அளந்து எடுங்கள்.

அடுத்தது குயில்ட் கவர். இங்கே டேப் குயில்ட்டின் மேல் போக வேண்டும். குயில்ட்டை நன்றாக உதறி, தரையில் விரித்து, பஞ்சை அழுத்தாமல் ஓரத் தையலிலிருந்து ஓரத் தையல் வரை அளங்கள். கவரின் அளவு, துவைத்த பிறகு, அதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஒரு இன்ச் குறைந்தாலும் நல்லதுதான், பஞ்சு மூலை வரை நிரம்பிப் புஷ்டியாக இருக்கும். மெத்தை உயரமாயிற்றே என்று 90க்கு 100 குயில்ட்டுக்கு 108க்கு 108 கவர் வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா? உள்ளே குயில்ட் இஷ்டத்துக்கு நகரும். இரண்டு நாளில் பஞ்செல்லாம் கால்மாட்டுக்கு வந்து சேர்ந்துவிடும், கழுத்துப் பக்கம் வெறும் இரண்டு மடிப்புத் துணிதான் இருக்கும். கவரின் மேல் மூலைகளைக் கையில் பிடித்துப் பாருங்கள். வெறுமையாக மடங்கினால் கவர் பெரிது. நடுவில் குயில்ட் கட்டி கட்டியாகப் புடைத்து நின்றால் கவர் சுருங்கிவிட்டது. இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும். கவரை வாராவாரம் துவைக்கிறோம், குயில்ட்டை வருடத்துக்கு ஒரு முறை துவைத்தால் அதிகம். காட்டன் கவர் மட்டும் 4 சதவீதம் இறங்கி, 100 இன்ச் 96 ஆகிவிடுகிறது, குயில்ட் அப்படியே இருக்கிறது. அதனால் சுருக்கம் எடுக்காத காட்டன் கவர் என்றால் மட்டும் 3, 4 இன்ச் கூடுதலாக வாங்கி, குயில்ட்டை நுழைப்பதற்கு முன்பே துவைத்துவிடுங்கள். உள்பக்க மூலைகளில் கட்டுவதற்கு நாடா இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லை என்றால் கொஞ்சம் நாடா வாங்கி வீட்டிலேயே நான்கு மூலையிலும் தைத்துவிடலாம்.

ஏற்றுமதி மிச்சத்தில் கவர் எடுக்கும்போது மறுபடியும் ஜாக்கிரதை. பிரிட்டன் கிங் கவர் 230க்கு 220 சென்டிமீட்டர், இன்ச்சில் ஏறக்குறைய 90½க்கு 86½. அகலம் நம் டபுள் குயில்ட் மாதிரியே இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்து எடுத்துவிடுவார்கள். நீளத்தில் 13 இன்ச்சுக்கு மேல் குறையும், குயில்ட்டை எப்படி மடக்கினாலும் உள்ளே போகாது.

அப்படியானால் மெத்தை உயரம் குயில்ட் விஷயத்தில் ஒன்றுமே செய்யாதா என்றால், செய்யும், ஆனால் குயில்ட்டின் அளவில்தான். குயில்ட்டைச் செருகுவதில்லை, அதனால் பலகை வரை வர வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் இரண்டு பேர் படுத்தால் உடம்பின் மேடே அகலத்தில் நிறையச் சாப்பிட்டுவிடும். ஒரு நாள் நானும் வீட்டுக்காரம்மாவும் படுத்துக்கொண்டு, எங்கள் பெண்ணை விட்டு மெத்தையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை எங்கள் மேல் டேப்பை ஓட்டச் சொன்னேன். 72 இன்ச் மெத்தையில் டேப் 84 காட்டியது. அவள் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. அதாவது 90 இன்ச் அகலக் குயில்ட்டில் பக்கத்துக்கு 3 இன்ச்தான் தொங்குகிறது. ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்றவர் முதுகு திறந்துவிடும். மெத்தை ஒல்லியாக, கட்டிலுக்குள் இறங்கி இருந்தால் கட்டில் சட்டத்தில் தட்டி நிற்கிற 3 இன்ச்சே ஓரளவு காற்றைத் தடுக்கும். 12 இன்ச் உயரத்தில் அந்தரத்தில் தொங்கும்போது அது வேலைக்கு ஆகாது. புதிதாகக் குயில்ட்டே வாங்குவதாக இருந்தால் 100க்கு 108 வாங்கி, கவரையும் அதே அளவில் எடுங்கள்.

கையில் 90க்கு 100 குயில்ட் ஏற்கெனவே இருந்தால் உடனே செலவு செய்ய வேண்டாம். அதைக் குறுக்காகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 100 அகலத்துக்குப் போனால் 84 போக இரண்டு பக்கமும் 8 இன்ச் தொங்கும். நீளத்துக்கு 90 போதும். தலையணைக்காக 12 இன்ச் விட்டுக் கழுத்திலிருந்து தொடங்கினால் கால்மாட்டு ஓரம் வரை 66, மிச்சம் 24, பாதத்தின் மேடு போகவும் மெத்தையின் உயரத்துக்கு இறங்கிவிடும். கவரின் திறப்பு கால்மாட்டில் இல்லாமல் பக்கவாட்டில் வரும், அதைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளிவிட்டால் பொத்தான் காலில் இடறாது. உருவிக்கொண்டு வரும் அந்தப் பழைய டபுள் பெட்ஷீட்டுகளை இதே மாதிரி குறுக்காகப் போட்டு வெயில் காலத்தில் போர்த்திக்கொள்ளுங்கள்.